மேடத்துக்கு என்னை நினைவிருக்குமா?

*கேள்வி: 2022-இல் பி.இ. மெக்கானிக்கல் முடித்தேன். கோவையில் பம்ப் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் டிசைன் பிரிவில் இருக்கிறேன். அமெரிக்காவில் எம்.எஸ். படிக்க ஐந்து பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கப் போகிறேன். இரண்டுக்கு டிசம்பர் 15, இரண்டுக்கு ஜனவரி 15, ஒன்றுக்கு பிப்ரவரி 1 கடைசித் தேதி. கடைசி வருட ப்ராஜெக்டுக்கு கைடாக இருந்த மேடத்திடம் பரிந்துரைக் கடிதம் கேட்க நினைக்கிறேன். அவர் இப்போது வேறு கல்லூரியில் இருக்கிறார். படிப்பு முடிந்தபின் ஒருமுறைகூடப் பேசியதில்லை, கூச்சமாக இருக்கிறது. நாங்கள் நான்கு பேர் சேர்ந்து பம்ப் இம்பெல்லரில் ப்ராஜெக்ட் செய்தோம். கணினியில் 74% எஃபிஷியன்சி வந்தது, டெஸ்ட் பெஞ்சில் 66% தான். ஏன் என்று மேடம் கேட்ட பிறகு நான்தான் மூன்று வாரம் உட்கார்ந்து காரணம் கண்டுபிடித்தேன். மேடத்துக்கு எப்படி எழுதுவது, என்னவெல்லாம் அனுப்புவது? "நீயே எழுதிக் கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்" என்று சொன்னால் என்ன செய்வது?*

பொறியியல் கல்லூரியில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பாடம் எடுத்தவன் நான். இப்போது மேற்படிப்புக்குப் போகிறவர்களுக்கு வழி சொல்லிக்கொண்டிருக்கிறேன். மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நூற்றுக்கணக்கான பரிந்துரைக் கடிதம் எழுதியிருப்பதால் உங்கள் மேடத்தின் நிலைமை எனக்குத் தெரியும். கூச்சத்தை விடுங்கள். மூன்று வருடம் பேசாத மாணவன் திடீரென்று கூப்பிடுவது எங்களுக்கு வாடிக்கைதான், அதில் யாருக்கும் வருத்தமில்லை. வருத்தம் எங்கே என்றால், கூப்பிடுகிறவன் கையில் ஒன்றுமே இல்லாமல் கூப்பிடும்போது.

என் கதை ஒன்றைச் சொல்கிறேன். ஒரே பேட்சில் எனக்கு மூன்று கார்த்திக். படித்து முடித்து நான்கு வருடம் கழித்து அதில் ஒரு கார்த்திக் எல்.ஓ.ஆர்., அதாவது பரிந்துரைக் கடிதம் கேட்டு மூன்று வரி மெயில் போட்டான். நான் மனதில் வேறொரு கார்த்திக்கை வைத்துக்கொண்டு, அவன் செமினாரில் பேசியதையெல்லாம் புகழ்ந்து ஒரு பக்கம் எழுதிவிட்டேன். அனுப்புவதற்கு முந்தைய நாள் தற்செயலாகப் போனில் பேசியபோதுதான் தெரிந்தது. தப்பு என்னுடையதுதான். ஆனால் அவன் மெயிலில் பெயர் தவிர ஒன்றும் இல்லை: ரோல் நம்பர் இல்லை, எந்த செமஸ்டரில் எந்தப் பேப்பர் எடுத்தேன் என்பது இல்லை. வருடத்துக்கு நூற்றிருபது பேரைப் பார்க்கிற ஒருவருக்கு முகம் நினைவிருக்கும், பெயர் நினைவிருக்கும், இரண்டும் ஒரே ஆளாகச் சேர்வதுதான் கஷ்டம். ஆகவே மேடத்துக்கு உங்களை நினைவிருக்கிறதா என்பதை விடுங்கள். நினைவுபடுத்துவது உங்கள் வேலை, அதை ஒரு பக்கத்தில் செய்யலாம்.

அதற்கு முன் தேதிக் கணக்கு. உங்கள் மனதில் டிசம்பர் 15 இருக்கிறது. மேடத்தின் காலண்டரில் நவம்பர், டிசம்பர் என்றால் செமஸ்டர் பரீட்சை: ஹால் டியூட்டி, பிராக்டிகல், பேப்பர் வேல்யூவேஷன். டிசம்பர் முதல் வாரத்தில் நீங்கள் கேட்டால், நாள் முழுக்க பேப்பர் திருத்திவிட்டு வந்து ராத்திரி பதினோரு மணிக்கு உங்களுக்காக உட்காருவார். அந்த நேரத்துக் கடிதம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், நானே எழுதியிருக்கிறேன். "வகுப்புக்குத் தவறாமல் வருவார், நன்றாகப் படித்தார், பழக இனிமையானவர்" என்று ஆறு வரி. அது பொய்யில்லை. ஆனால் படிக்கிற பேராசிரியருக்கு அதில் மார்க் ஷீட்டில் இல்லாத செய்தி ஒன்றுமில்லை.

ஆகவே இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள். அக்டோபர் முதல் பாதியில் கேட்டுவிடுங்கள். அவர் சரி என்று சொன்ன ஒரு வாரத்துக்குள் எல்லாத் தாள்களையும் அனுப்புங்கள். கடிதத்தை ஏற்றுவதற்குப் பல்கலைக்கழகங்கள் அனுப்பும் லிங்க் அக்டோபர் கடைசிக்குள் அவர் மெயிலுக்குப் போகட்டும். கடிதம் ஏற்றி முடிக்க நவம்பர் 20 என்று நீங்கள் ஒரு நாளைக் கேளுங்கள். நிஜமான கடைசி நாள் டிசம்பர் 15 என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள். சில பிள்ளைகள் புத்திசாலித்தனமாக நிஜத் தேதியை மறைத்து, முன்தேதியையே கடைசித் தேதி என்று சொல்வார்கள். பல்கலைக்கழகத்தின் லிங்க் மெயிலிலேயே நிஜத் தேதி இருப்பதுண்டு. பார்த்ததும் மேடம் புரிந்துகொள்வார், அப்புறம் நீங்கள் சொல்லும் எந்தத் தேதிக்கும் மதிப்பிருக்காது.

இன்னொன்று, நேர வித்தியாசம். டிசம்பர் 15 இரவு 11:59, அமெரிக்கக் கிழக்கு நேரம் என்று போட்டிருந்தால், அது நமக்கு 16-ஆம் தேதி காலை 10:29. மேற்குக் கரை நேரம் என்றால் பிற்பகல் 1:29. மேடத்துக்கு அனுப்பும் பட்டியலில் எல்லாவற்றையும் நம் தேதியிலேயே போடுங்கள், பாதுகாப்புக்கு 15 என்றே இருக்கட்டும். கடிதத்துக்கான கடைசி நாளும் விண்ணப்பத்துக்கான கடைசி நாளும் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்காது. ஐந்து பல்கலைக்கழகத்தின் துறைப் பக்கத்திலும் அதைத் தனித்தனியாகப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

கேட்பது எப்படி? முதலில் வாட்ஸ்அப்பில், "மேடம், நான் 2022 பேட்ச் மெக்கானிக்கல், இம்பெல்லர் ப்ராஜெக்ட் டீம். உங்களிடம் ஐந்து நிமிடம் பேசலாமா, எப்போது கூப்பிடட்டும்?" என்று மட்டும் கேளுங்கள். போனில் விஷயத்தைச் சொல்லுங்கள். அன்று மாலையே மெயில் போடுங்கள். போனில் கேட்டது மறந்துபோகும், வாட்ஸ்அப் கீழே போய்விடும், மெயில்தான் நவம்பரில் தேடினால் கிடைக்கும். அவர் சரி என்று சொல்வதற்கு முன்னால் விண்ணப்பத்தில் அவர் பெயரைப் போட்டுவிடாதீர்கள். பல போர்ட்டல்களில் பெயரைச் சேமித்த அடுத்த நிமிடமே அவருக்குத் தானாக மெயில் போய்விடும். கேட்காமலேயே உத்தரவு வந்த மாதிரி இருக்கும் அது.

கேட்கும்போது, மறுப்பதற்கு ஒரு கதவைத் திறந்து வைத்துக் கேளுங்கள். "எல்.ஓ.ஆர். தர முடியுமா மேடம்?" என்றால் நம் ஊரில் யாரும் முடியாது என்று சொல்ல மாட்டார்கள். சரி என்று சொல்லிவிட்டு அந்த ஆறு வரியைத்தான் எழுதுவார்கள். "என் ப்ராஜெக்ட் வேலையைப் பற்றி விரிவாக எழுதும் அளவுக்கு நினைவிருக்கிறதா மேடம்?" என்று கேட்டுப் பாருங்கள். "அவ்வளவாக இல்லைப்பா" என்று தயங்கினால் அது உங்களுக்கு லாபம், வேறு ஆளைத் தேட நாள் இருக்கிறது.

மெயில் இப்படி இருக்கலாம். நீங்கள் வழக்கமாக ஆங்கிலத்தில் எழுதுபவரென்றால் அப்படியே எழுதுங்கள், உள்ளடக்கம் இதுதான்:

> பொருள்: எம்.எஸ். விண்ணப்பத்துக்குப் பரிந்துரைக் கடிதம் – (உங்கள் பெயர்), 2022 மெக்கானிக்கல் – நவம்பர் 20-க்குள்
>
> மதிப்பிற்குரிய மேடம்,
>
> வணக்கம். இன்று போனில் பேசியதைத் தொடர்ந்து எழுதுகிறேன். நான் 2018–2022 மெக்கானிக்கல் பி பிரிவு, ரோல் நம்பர் (—). ஐந்தாவது செமஸ்டரில் உங்களிடம் ஃப்ளூயிட் மெஷினரி படித்தேன். கடைசி வருடம் உங்கள் வழிகாட்டுதலில் இம்பெல்லர் ப்ராஜெக்ட் செய்த நால்வரில் ஒருவன். இரண்டாவது ரிவ்யூவில், கணினிக் கணக்கும் டெஸ்ட் பெஞ்சும் எட்டு சதவீதம் விலகுவது ஏன் என்று நீங்கள் கேட்டீர்கள். அதைத் தேடிப் பார்த்தவன் நான்.
>
> அமெரிக்காவில் தெர்மோஃப்ளூயிட்ஸ் பிரிவில் எம்.எஸ். படிக்க ஐந்து பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கிறேன். அந்த ப்ராஜெக்டில் நான் வேலை செய்த விதத்தைப் பற்றி நீங்கள் எழுதினால் பெரிய உதவியாக இருக்கும். வேலைப்பளு காரணமாகவோ, விரிவாக எழுதும் அளவுக்கு நினைவில்லாததாலோ இயலாது என்றால் தயங்காமல் சொல்லுங்கள் மேடம், நான் புரிந்துகொள்வேன்.
>
> ஐந்துக்கும் ஒரே கடிதம் போதும். கடிதத்தை நவம்பர் 20-க்குள் ஏற்ற முடிந்தால் நல்லது. முதல் கடைசித் தேதி டிசம்பர் 15, கடைசியானது பிப்ரவரி 1. ஐந்து லிங்க்குகளும் அக்டோபர் 28 அன்று ஒரே நாளில் உங்களுக்கு வரும்படி செய்கிறேன். எந்த மெயில் முகவரியைக் கொடுக்கட்டும்? கல்லூரி முகவரியாக இருந்தால் நல்லது என்கிறார்கள்.
>
> நீங்கள் சரி என்றால், ஒரு பக்கக் குறிப்பு, ரெஸ்யூம், மார்க் ஷீட், ப்ராஜெக்ட் ரிப்போர்ட், எஸ்.ஓ.பி. வரைவு, தேதிப் பட்டியல் ஆகியவற்றை ஒரு வாரத்துக்குள் அனுப்புகிறேன். உங்கள் கடிதத்தைப் பார்க்கும் உரிமையை நான் விட்டுக்கொடுத்துவிடுகிறேன், நீங்கள் எழுதுவது எனக்குத் தெரியாது.
>
> நன்றியுடன்,
> (பெயர், கைபேசி எண்)

இதற்கு மேல் நீள வேண்டாம். "தங்கள் பொற்பாதங்களை வணங்கி" வகையெல்லாம் வேண்டவே வேண்டாம்.

இனி அந்த ஒரு பக்கக் குறிப்பு. மற்ற தாள்களை எல்லாரும் அனுப்புவார்கள். இதைத்தான் பெரும்பாலோர் அனுப்புவதில்லை. ரெஸ்யூம் உங்களைப் பற்றி உலகத்துக்குச் சொல்வது. இந்தக் குறிப்பு, மேடம் தன் கண்ணால் பார்த்ததை அவருக்கே திருப்பிச் சொல்வது. மேலே ஓரத்தில் கல்லூரிக் காலத்து போட்டோ ஒன்று (கார்த்திக்குகளை நினைத்துக்கொள்ளுங்கள்). அடுத்து அவரிடம் படித்த பாடங்கள், வாங்கிய கிரேடு, வகுப்பில் எத்தனை பேர், அதில் உங்கள் இடம். இந்த எண்ணிக்கை ஏன் என்றால், பல போர்ட்டல்களில் கடிதத்தோடு ஒரு கட்டமும் இருக்கும்: இந்த மாணவர் நீங்கள் பார்த்தவர்களில் மேல் 5 சதவீதமா, 10 சதவீதமா, 25 சதவீதமா என்று. அறுபது பேரில் நான்காவது என்று நீங்கள் எழுதியிருந்தால் அவர் யோசிக்காமல், மனசாட்சிக்கு விரோதமில்லாமல் டிக் செய்வார்.

குறிப்பின் உயிர் ப்ராஜெக்ட் பத்தியில்தான் இருக்கிறது. உங்கள் கேள்வியிலேயே அது பாதி இருக்கிறது. ஆனால் உங்களைப்போன்றவர்கள் அதை இப்படித்தான் எழுதுவார்கள்: "நாங்கள் இம்பெல்லரின் பிளேடு கோணத்தை மாற்றி எஃபிஷியன்சியை உயர்த்தினோம். கடின உழைப்பும் குழு மனப்பான்மையும் கற்றேன்." இதை வைத்து மேடம் ஒரு வரிகூட எழுத முடியாது. நான்கு பேரில் யார் எதைச் செய்தார் என்பதே இதில் இல்லை. அதையே இப்படி எழுதிப் பாருங்கள்:

"கணினி மாடலை உருவாக்கியது நானும் இன்னொருவரும். டெஸ்ட் பெஞ்ச் அளவீடு மற்ற இருவர். இரண்டாவது ரிவ்யூவில் 74%-க்கும் 66%-க்கும் உள்ள இடைவெளியை நீங்கள் கேட்டபோது, மெஷ் சரியில்லை என்று நான் சொன்னேன். மெஷ்ஷை இரண்டு முறை நுணுக்கமாக்கியும் விடை மாறவில்லை, என் பதில் தவறு என்று அடுத்த வாரம் உங்களிடம் வந்து சொன்னேன். பிறகு வேர் ரிங் இடைவெளி வழியாக உறிஞ்சு பக்கத்துக்குத் திரும்பிப் போகும் தண்ணீரை எங்கள் மாடல் கணக்கில் எடுக்கவேயில்லை என்று கண்டேன். அதைச் சேர்த்தபின் கணினி விடை டெஸ்ட் பெஞ்சுக்குப் பக்கத்தில் வந்தது. மீதி வித்தியாசம் பேரிங், சீல் உராய்வு, வார்ப்பின் சொரசொரப்பு ஆகியவற்றால் இருக்கலாம் என்று ரிப்போர்ட்டில் எழுதினோம், அதை அளந்து பார்க்க நேரமில்லை."

சேர்த்தபின் வந்த சதவீதம் உங்களிடம் இருக்கும், அதையும் போடுங்கள். இதைப் படித்தால் மேடத்துக்கு அந்த ரிவ்யூ ஹால் கண்ணுக்கு முன்னால் வந்துவிடும். முதலில் தப்பாகச் சொன்னதையும் சேர்த்து எழுதச் சொல்கிறேனே என்று யோசிக்காதீர்கள். தன் விடை தவறு என்று தானே சோதித்துப் பார்த்து, அதைக் கைடிடம் போய்ச் சொன்ன மாணவன் என்பது ஆராய்ச்சிக்கு ஆள் தேடும் பேராசிரியருக்கு எந்தப் பெயரடையையும்விடப் பெரிய செய்தி. அதைச் சாட்சியாகச் சொல்ல உலகத்தில் மேடம் ஒருவரால்தான் முடியும். ஆனால் ஒன்று: நடக்காததை எழுதாதீர்கள். நான் மெஷ் என்று சொன்னது என் கற்பனை. உங்களுக்கு நிஜமாக நடந்தது எதுவோ அதைப் போடுங்கள். மேடத்தின் நினைவோடு மோதினால் குறிப்பு முழுவதுமே சந்தேகமாகிவிடும்.

கடைசியில் இரண்டு வரி: மற்ற இரண்டு கடிதங்களை யார் எழுதுகிறார்கள், எதைப் பற்றி எழுதுகிறார்கள். உங்கள் ஆபீஸ் மேனேஜர் வேலையைப் பற்றிச் சொல்வார், இன்னொரு ஆசிரியர் பாடத்தைப் பற்றிச் சொல்வார் என்று தெரிந்தால், மேடம் ப்ராஜெக்டை மட்டும் ஆழமாக எழுதுவார். (எச்.ஓ.டி. கையெழுத்துக்குத்தான் கனம் அதிகம் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். உங்களை அறியாத எச்.ஓ.டி.யின் கடிதம் அந்த ஆறு வரிதான், லெட்டர்ஹெட் மட்டும் அழகாக இருக்கும்.)

இப்போது உங்கள் கடைசிக் கேள்வி. "நீயே எழுதிக் கொண்டு வா" என்பது நம் கல்லூரிகளில் சோம்பேறித்தனத்தால் மட்டும் வருவதில்லை. பல ஆசிரியர்களுக்கு ஆங்கிலத்தில் ஒரு பக்கம் இப்படி எழுதிப் பழக்கமில்லை, என்ன எதிர்பார்க்கிறார்கள் என்றும் தெரியாது. ஆனாலும் எழுதிக் கொடுக்காதீர்கள். விண்ணப்பதாரரே எழுதிய கடிதத்தை அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் நேர்மைக் குறைவாகவே பார்க்கின்றன. கண்டுபிடிப்பதும் கஷ்டமில்லை. ஏன் இந்தப் படிப்பு என்று நீங்களே எழுதும் எஸ்.ஓ.பி.யில் உள்ள அதே சொற்றொடர் கடிதத்தில் வரும், மூன்று பேர் கடிதமும் ஒரே குரலில் பேசும், மூன்றிலும் ஒரே இடத்தில் ஒரே பிழை இருக்கும்.

அப்போது சொல்ல வேண்டியது இதுதான்: "மேடம், நான் எழுதினால் என் எஸ்.ஓ.பி. மாதிரியே இருக்கும், சந்தேகப்படுவார்கள். குறிப்பு எல்லாம் தருகிறேன். உங்களுக்கு நினைவிருப்பதை உங்கள் வார்த்தையில் எழுதினால் போதும், ஒரு பக்கம்கூட வேண்டாம்." பக்கக் கணக்கைச் சொல்வது முக்கியம். நான்கு பத்தி என்று தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும்: உங்களை எப்படித் தெரியும், ப்ராஜெக்டில் என்ன பார்த்தார், மற்ற மாணவர்களோடு ஒப்பிட்டால் எப்படி, மேற்படிப்புக்கு ஏற்றவரா. ஆங்கிலம் எளிமையாக இருந்தால் ஒரு குறையும் இல்லை. அதற்குப் பிறகும் அவர் மறுத்தால், இரண்டாவது ஆளிடம் போங்கள்.

கடிதத்தைப் பார்க்கும் உரிமை என்று மெயிலில் எழுதியிருக்கிறேனே, அது 1974-ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம் ஒன்றிலிருந்து வருவது. அங்கே சேர்ந்தபின் மாணவர் தன் கோப்பைக் கேட்டுப் பார்க்கலாம், அதில் பரிந்துரைக் கடிதமும் அடக்கம். அந்த உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று விண்ணப்பத்தில் கேட்பார்கள். விட்டுக்கொடுக்கிறேன் என்பதையே தேர்ந்தெடுங்கள். மாணவர் கண்ணில் படாது என்று தெரிந்து எழுதிய கடிதத்தைத்தான் படிக்கிறவர் நம்புவார். அப்படித் தேர்ந்தெடுத்துவிட்டு, "ஒரு காப்பி அனுப்புங்க மேடம்" என்று கேட்கக் கூடாது.

மெயில் முகவரிக்கு வருவோம். மேடம் இப்போது இருக்கும் கல்லூரியின் முகவரியைக் கொடுங்கள், கடிதமும் அந்த லெட்டர்ஹெட்டிலேயே இருக்கலாம். முன்பு வேறு கல்லூரியில் உங்களுக்கு கைடாக இருந்ததை முதல் பத்தியில் அவர் சொல்லிவிட்டால் குழப்பமில்லை. கல்லூரி முகவரியே இல்லாதவர் என்றால் அவருடைய சொந்த முகவரி பரவாயில்லை, கூடவே அவர் பெயர் உள்ள கல்லூரி இணையப் பக்கத்தைக் குறிப்பிடலாம். ஆசிரியர் பெயரில் நாமே ஒரு ஜிமெயில் தொடங்கிக் கொடுத்துவிடலாம் என்று சில கன்சல்டன்சிகள் சொல்லும். அந்த வாசலிலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். அது மோசடி, சேர்ந்தபின் தெரிந்தாலும் சீட் போகும்.

லிங்க் அனுப்பிய அன்று மேடத்துக்கு ஒரு வரி வாட்ஸ்அப்: "ஐந்து மெயில் வந்திருக்கும் மேடம், ஸ்பாமிலும் பாருங்கள்." விண்ணப்பத்தை முழுதாகச் சமர்ப்பித்த பிறகுதான் சில பல்கலைக்கழகங்கள் லிங்க் அனுப்பும். அந்த மாதிரி ஒன்று உங்கள் ஐந்தில் இருந்தால் அதை முதலில் முடியுங்கள், இல்லையென்றால் ஒரே நாளில் ஐந்து என்ற வாக்கு பொய்த்துவிடும். கடிதம் ஒன்றுதான் என்றாலும் ஒவ்வொரு போர்ட்டலிலும் தனித்தனியாகப் படிவம் நிரப்ப வேண்டும். எனக்கு ஒன்றுக்குப் பத்து, பதினைந்து நிமிடம் ஆகும். ஒரே உட்காரலில் ஐந்தையும் முடித்துவிடலாம். மாதத்துக்கு ஒன்றாக வந்தால் மூன்றாவது கண்டிப்பாக விட்டுப்போகும்.

நவம்பர் 13 வாக்கில் ஒரு நினைவூட்டல், 20 தாண்டியும் வரவில்லையென்றால் இன்னொன்று. அனுப்புவதற்கு முன் உங்கள் போர்ட்டலில் யார் பெயருக்கு நேராகக் கடிதம் வந்திருக்கிறது என்று பாருங்கள். ஏற்றி முடித்தவரைப் போய் "எப்போ மேடம்?" என்று கேட்டவர்கள் உண்டு. மூன்று ஏற்றி இரண்டு விட்டிருந்தால் அந்த இரண்டின் பெயரைச் சொல்லி, லிங்க்கை மறுபடி அனுப்புங்கள், போர்ட்டலில் அதற்கு வசதி இருக்கும். டிசம்பர் 5 வரை அசைவில்லையென்றால் போன் செய்து நேராகவே கேளுங்கள்: முடியுமா, வேறு ஏற்பாடு செய்யட்டுமா என்று. அந்த வேறு ஏற்பாட்டு ஆள் யார் என்பதை இன்றைக்கே மனதில் முடிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தும் ஏறியதும் நன்றி மெயில் போடுங்கள். பரிசு, ஸ்வீட் பாக்ஸ் எல்லாம் கடிதம் ஏறுவதற்கு முன்னால் வேண்டாம், அவருக்குச் சங்கடம். பிப்ரவரியிலிருந்து முடிவுகள் வரத் தொடங்கும். எங்கே கிடைத்தது, எங்கே கிடைக்கவில்லை என்று அவருக்கு வரிசையாகச் சொல்லுங்கள். நான் எழுதிக் கொடுத்தவர்களில் பாதிப் பேர் எந்த ஊரில் போய்ச் சேர்ந்தார்கள் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.